மூணு விசில் என்றால் எத்தனை நிமிடம்?

அரிசியும் பருப்பும் சாதம் எப்படிச் செய்வது என்று கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும் சாமான் கணக்கு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஒரு வீட்டில் தக்காளி உண்டு, இன்னொரு வீட்டில் இல்லை. சிலர் மிளகைத் தட்டிப் போடுவார்கள், சிலர் வரமிளகாயோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பா, அதைவிடக் கொஞ்சம் கூடுதலா என்பதிலும் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம். ஆனால் கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: "மூடி போட்டு மூணு விசில் விடுங்க, போதும்."

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கல்யாணமாகிப் போன என் அக்கா மகள் ஒருநாள் காலையில் போனில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா சொன்ன அதே அளவுதானுங்க. அதே குக்கரைத்தான் கொண்டாந்திருக்கறேன். மூணு விசிலும் உட்டாச்சு. அரிசி கொழகொழன்னு போயிருச்சு, பருப்பு மட்டும் அப்படியே முழுசு முழுசா நிக்குது. அத்தை ஒண்ணும் சொல்லலீங்க, ஆனா எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்குது." வடவள்ளியில் அவள் அம்மா வீட்டில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை. அளவும் மாறவில்லை, பாத்திரமும் மாறவில்லை. மாறியவை இரண்டுதான்: அடுப்பும் தண்ணீரும். ஒரே குக்கருக்குள் ஒரு தானியம் குழைந்து இன்னொன்று வேகாமல் நிற்பது ஏன் என்று தெரிந்துகொண்டால், குக்கர் எப்படி வேலை செய்கிறது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் விசில் என்பது என்ன என்று பார்ப்போம். மூடியின் நடுவில் நிற்கும் குழாயில் மெல்லிய துளை ஒன்று இருக்கிறது. அதன்மேல் வெயிட் உட்காருகிறது. உள்ளே நீராவி சேரச் சேர அழுத்தம் கூடி, அந்தத் துளை வழியாக வெயிட்டை மேலே தள்ளுகிறது. துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் ஏறத்தாழ 72 கிராம் எடையை வைத்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடுதலாகும் வரை அது அசையாது. நம் வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கிலோ கணக்கில்தான் செய்யப்படுகின்றன. அழுத்தம் அந்த எல்லையைத் தொட்டதும் வெயிட் லேசாகத் தூக்கும். தூக்கிய கணத்தில் ஆவி துளையைத் தாண்டி வெயிட்டின் அகலமான அடிப்பகுதி முழுவதிலும் மோதுவதால் அது இன்னும் வேகமாக எழும்பும். அதுதான் அந்தச் சீற்றம். ஆவி வெளியேறி உள்ளழுத்தம் இறங்கியதும் வெயிட் மறுபடி உட்கார்ந்துவிடும்.

எனவே விசில் நமக்குச் சொல்வது ஒரே ஒரு செய்தி: "உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது, அதற்கு மேல் வந்த ஆவியை வெளியே விட்டுவிட்டேன்." பருப்பு வெந்ததா என்பது வெயிட்டுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் ஆனது என்பதும் தெரியாது. முதல் விசிலுக்கு அப்புறம் வரும் ஒவ்வொரு விசிலும், அடுப்பு தேவைக்கு மேல் எரிகிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். குக்கருக்குள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பெரிய பர்னரை முழுசாகத் திறந்து வைத்தால் தீயின் வெப்பத்தில் பாத்திரத்துக்குள் போய்ச் சேருவது விநாடிக்குச் சுமார் 1,200 ஜூல் என்று கொள்ளலாம், மிச்சம் பக்கவாட்டில் வீணாகிறது. அறை வெப்பத்திலிருக்கும் அந்தத் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸைத் தொட எட்டு நிமிடம் ஆகும். அப்போது முதல் விசில் வரும். அதற்குப் பிறகும் அதே தீயில் விட்டால், அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு விசில் வரத்தான் செய்யும். மூன்று விசிலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும். அதே குக்கரை முதல் விசில் வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி, தீயைச் சிம்மில் வைத்தால், இரண்டாவது விசில் வரவே ஐந்தாறு நிமிடம் ஆகலாம். சில அடுப்பில் வராமலே போகலாம். ஒருவருக்கு மூணு விசில் என்றால் மூன்று நிமிடம், இன்னொருவருக்குக் கால் மணி நேரம்.

ஆனால் இரண்டு வீட்டிலும் குக்கருக்குள் இருக்கும் வெப்பம் ஒன்றேதான். பலரும் நம்பத் தயங்கும் இடம் இது. தீயைக் கூட்டினால் உள்ளே சூடு கூடும் என்றுதான் தோன்றும். ஆனால் வெயிட் தூக்கும் எல்லையைத் தாண்டி அழுத்தம் ஏறமுடியாது, அழுத்தம் ஏறாவிட்டால் தண்ணீரின் கொதிநிலையும் ஏறாது. எனவே பெரிய தீயில் பருப்பு சீக்கிரம் வேகாது, ஆவி மட்டும் அதிகமாக வெளியேறும். நான் மேலே சொன்ன தீயில் பத்து நிமிடம் விசில் அடித்துக்கொண்டே இருந்தால் 300 மில்லி லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சிலிண்டர் எரிந்து அந்த ஒன்றரை டம்ளர் தண்ணீரைச் சமையலறைக் கூரைக்கு அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். அடியில் வைத்த தண்ணீர் குறைவாக இருந்தால் குக்கர் வறண்டு போவதும் இப்படித்தான்.

அந்த ஆவியைக் காலையில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஏழு மணி வாக்கில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வரும் நேரம். மேடையில் சின்ன வெங்காயத் தோல், கறிவேப்பிலைக் காம்பு, மூடி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் டிபன் பாக்ஸ்கள், பால் காய்ச்சிய பாத்திரம், பாதி ஆட்டிய தேங்காய்ச் சட்னி எல்லாம் கிடக்க, நடுவில் குக்கர் சீறும். வெயிட்டிலிருந்து புகை மாதிரி வெள்ளையாக எழும்புகிறதே, அது நீராவி அல்ல. நீராவிக்கு நிறம் இல்லை, அது கண்ணுக்கே தெரியாது. கூர்ந்து பார்த்தால் வெயிட்டின் விளிம்புக்கும் அந்த வெள்ளைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி, எதுவுமே இல்லாதது போல் இருக்கும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. அது வெளிக்காற்றோடு கலந்து குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய பிறகுதான் வெயிலைச் சிதறடித்து வெண்மையாகத் தெரிகிறது. மார்கழிக் காலையில் அந்த வெண்மை தடிமனாகவும் சித்திரையில் மெலிந்தும் இருப்பதற்குக் காற்றின் குளிர்ச்சிதான் காரணம். கை படக்கூடாத இடம் அந்த ஒன்றுமில்லாத இடைவெளி. நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது கிராமுக்கு 2,200 ஜூலுக்கு மேல் வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடும். கொதிக்கிற தண்ணீர் பட்ட காயத்தைவிட ஆவி பட்ட காயம் ஆழமாக இருப்பது இதனால்தான்.

சரி, 120 டிகிரி எதற்குத் தேவை? அரிசிக்குத் தேவையே இல்லை. அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரி வாக்கிலேயே தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் குழையத் தொடங்கிவிடும். திறந்த பாத்திரத்தில் வடித்தாலும் அரிசி வேகும், குக்கரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வேகும், அவ்வளவுதான். பருப்பின் கதை வேறு. பருப்புக்குள்ளும் மாவுச்சத்து இருக்கிறது, ஆனால் அது சின்னச் சின்னச் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசை பெக்டின் என்ற பொருள். அந்தப் பசை கரைந்து செல்கள் தனித்தனியே பிரிந்தால்தான் பருப்பு விரலில் நசுங்கும், மத்தால் கடைந்தால் மசியும். பெக்டின் கரைவது ஒரு வேதிவினை. இப்படிப்பட்ட வினைகள் பத்து டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 98.6 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் ஏறத்தாழ 120. இருபது டிகிரி கூடினால் நான்கு மடங்கு வேகம். அடுப்பில் நாற்பது நிமிடம் கொதிக்கவேண்டிய பருப்பு பத்து நிமிடத்தில் வேகிறது என்றால் காரணம் இதுதான்.

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டிக்கு ஏறினால் இதே விஷயம் இன்னும் கண்கூடாகத் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எத்தனை விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, பருப்பு மணிக்கணக்கில் வேகும். குக்கர் அங்கே பெரும் உதவிதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வெயிட் தீர்மானிப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளேயும் அந்த அளவுக்குக் குறையும். அதனால் ஊட்டியில் அதே குக்கர் 116 டிகிரிதான் தரும். கோவையில் பத்து நிமிடத்தில் வேகும் பருப்புக்கு அங்கே மூன்று நான்கு நிமிடம் கூட்டி வைப்பது நியாயம்.

இப்போது பல்லடத்துக்கு வருவோம். அக்கா மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணியில வெச்ச கண்ணு?" என்பதுதான். போர் தண்ணீர். வடவள்ளியில் அவள் அம்மா சமைப்பது சிறுவாணித் தண்ணீரில். மலைக் காட்டில் மழையாக விழுந்து, பாறையோடு அதிகம் உறவாடாமல் குழாய்க்கு வந்துவிடும் அந்தத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் நிலத்தடியில் பல நூறு அடி துளையிட்டு எடுக்கும் தண்ணீர் நெடுங்காலம் பாறை இடுக்குகளில் கிடந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சோப்புப் போட்டால் நுரைக்காமல் திரிதிரியாகத் திரிவதும், பக்கெட்டிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிவதும் இதற்கு அடையாளம்.

இந்தக் கால்சியம்தான் பருப்பின் பகை. பெக்டின் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. ஒரு கால்சியம் அயனி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் இந்தப் பிடிப்புகளும் அதிகம், பசை கரையவே கரையாது. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்று நம் பாட்டிமார் சொன்னது முழுக்க உண்மை. பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி என்று ஒரு குடம் தனியாக எடுத்து வைப்பார்களே, அந்த ஏற்பாடு வேதியியலின்படி மிகச் சரியானது. அரிசி இதைப் பொருட்படுத்தாது. மாவுச்சத்து வீங்குவதற்குக் கால்சியம் பெரிய தடை இல்லை. ஒரே குக்கரில் அரிசி குழைந்து பருப்பு நின்றது இப்படித்தான்.

பருப்பு பழசாக இருந்தாலும் இதே தொல்லை வரும். வெயில் காலத்தில் மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பருப்புக்குள், சேமிப்புச் சத்தாக இருக்கும் பைட்டேட் என்ற பொருள் மெல்லச் சிதைகிறது. அது இதுவரை கட்டி வைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் அவிழ்ந்து பெக்டினோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட பருப்பை எவ்வளவு நல்ல தண்ணீரில் போட்டாலும் சட்டென்று வேகாது. புளியும் தக்காளியும் மூன்றாவது காரணம். புளிப்பில் பெக்டின் இறுகி நிற்கும். சாம்பாருக்குப் பருப்பை முதலில் வேகவைத்துவிட்டுப் புளிக்கரைசலைப் பிறகு ஊற்றும் வழக்கத்தில் வலுவான காரணம் இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதத்தில் ஒரு சின்னத் தக்காளி பெரிய தீங்கு செய்யாது, ஆனால் போர் தண்ணீரும் பழைய பருப்பும் மூன்று தக்காளியும் சேர்ந்தால் குக்கரே தோற்றுப்போகும்.

ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகும் என்று சிலர் சொல்வார்கள். வேகும். சோடாவின் காரத்தன்மையில் பெக்டின் எளிதில் உடைகிறது. ஆனால் பருப்பிலிருக்கும் தயமின் என்ற வைட்டமினை அதே காரம் அழித்துவிடும், கூடிப்போனால் வாயில் சோப்பு ருசியும் தட்டும். அதை நான் கடைசி வழியாகவே வைப்பேன்.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன திருத்தம் இதுதான். பருப்பை மட்டும் முதலில் கழுவி, குடிக்கிற நல்ல தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். அரிசியை ஊற வைக்கவே வேண்டாம், தாளிக்கும்போது கழுவினால் போதும். இப்படிச் செய்தால் பருப்பு ஓட்டத்தில் ஒரு எட்டு முன்னால் நின்று கிளம்புகிறது, அரிசி பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு டம்ளர் அரிசிக்கும் கால் டம்ளர் பருப்புக்கும் மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கொதி வந்ததும் மூட வேண்டும். சமையலுக்கு ஊற்றும் தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஏழு எட்டு நிமிடம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அழுத்தம் தானாக இறங்கும் வரை தொடக்கூடாது. அணைத்த பிறகும் பல நிமிடம் உள்ளே சூடு நூறு டிகிரிக்கு மேல்தான் நிற்கும், பருப்பு வெந்துகொண்டேதான் இருக்கும். அவசரப்பட்டுத் திறப்பவர்கள் அந்தக் கடைசிப் பங்கை இழக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது: "மாமா, இன்னைக்கு நல்லா வந்துருச்சுங்க. நெய் ஊத்திச் சாப்பிட்டோம், அத்தை ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாங்க."

கொள்ளுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அளவு வேறு. பருப்பு தோல் நீக்கி உடைத்தது, கொள்ளு முழு மணி. அதன் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. தண்ணீர் போகாத இடத்தில் மாவுச்சத்து வீங்காது, பெக்டினும் கரையாது. ராத்திரியே ஊறப்போட்ட கொள்ளு சிம்மில் இருபது நிமிடத்துக்குள் கடைகிற பதத்துக்கு வந்துவிடும். ஊறப்போட மறந்துவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் சில மணிகள் கல்லாகவே நிற்கும். தட்டப்பயிறும் மொச்சையும் இந்தக் கூட்டம்தான்.

போர் தண்ணீர் குக்கரின் உட்புறத்திலும் தன் கைவரிசையைக் காட்டும். அலுமினியக் குக்கருக்குள் பாத்திரம் வைத்துச் சோறு ஆக்குபவர்கள் அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலையோ ஒரு துளிப் புளியையோ போடுவதைப் பார்த்திருக்கலாம். காரத்தன்மையுள்ள தண்ணீர் கொதிக்கும்போது அலுமினியத்தின்மேல் கருமையான படலம் உண்டாகும், புளிப்பு அதைத் தடுக்கும். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவும் அதில் கரையும். இங்கே நன்மை செய்கிற அதே புளிப்பு, பருப்புப் பாத்திரத்துக்குள் போனால் கெடுதல் செய்யும்.

இனி பாதுகாப்பு. 1679இல் லண்டனில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் கூழாக்கும் ஒரு மூடிய பாத்திரத்தைச் செய்தபோது, அதோடு சேர்ந்து பிறந்ததுதான் எடை வைத்த பாதுகாப்பு வால்வு. அது இல்லாமல் அந்தப் பாத்திரத்தை அடுப்பில் வைக்க முடியாது என்பது அவருக்கு உடனே புரிந்தது. காரணம் எளிது. மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ தள்ளினால், மூடியை உள்ளிருந்து 314 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது. கேஸ்கட்டும் கைப்பிடியின் பூட்டும் தாங்குவது இந்த விசையைத்தான்.

அழுத்தம் இறங்காத நிலையில் மூடியை வலிந்து திறந்தால் நடப்பது வெறும் ஆவி வெளியேற்றம் அல்ல. 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர், மூடி விலகிய கணத்தில் நூறு டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த மிச்ச வெப்பம் தண்ணீரில் ஒரு பங்கை அப்போதே ஆவியாக்குகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 56 கிராம் ஆவியானால் போதும், அது 90 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஐந்து லிட்டர் குக்கருக்குள் தொண்ணூறு லிட்டர் ஆவி திடீரெனப் பிறந்தால் உள்ளே இருக்கும் பருப்பையும் தூக்கிக்கொண்டு முகத்தை நோக்கித்தான் வரும்.

சின்ன அளவில் இதே நிகழ்ச்சி ஒவ்வொரு விசிலிலும் நடக்கிறது. வெயிட் தூக்கியதும் உள்ளழுத்தம் சட்டென்று இறங்க, உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு கணம் பொங்கிக் கொதிக்கும். பருப்பு நுரை மேலே வந்து துளைக்குள் புகுந்து மஞ்சள் தண்ணீராக மேடையிலும் சுவரிலும் தெறிப்பது அதனால்தான். சுவர் அழுக்காவதைக் காட்டிலும், துளைக்குள் பருப்பு ஒட்டிக் காய்ந்து அடைபடுவதுதான் கவலைக்குரியது. தீயைக் குறைத்தால் தெறிப்பதும் குறையும். பருப்பு, அரிசி போலப் பொங்குகிறவற்றைப் பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பாமல் இருப்பதும், ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் நுரையை அடக்கும்.

மூடி போட்டவுடனே வெயிட்டை வைத்துவிடாமல், துளை வழியாக ஆவி விடாமல் சீராக வரும் வரை ஒரு நிமிடம் காத்திருக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதனால் இரண்டு லாபம். துளை அடைபடவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் காற்றும் வெளியேறிவிடும். காற்று உள்ளேயே தங்கினால் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்றே கொடுத்துவிடும், ஆவியின் பங்கு குறையும். வெயிட் தூக்கும், விசிலும் வரும், ஆனால் உள்ளே சூடு 120க்குப் பல டிகிரி கீழே நிற்கும்.

துளை அடைபட்டால் கடைசிக் காவல் சேப்டி வால்வு. அதற்குள் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. அழுத்தத்தோடு சூடும் எல்லை மீறினாலோ தண்ணீர் வறண்டாலோ அது உருகி வழிவிடும். உருகிய வால்வை மாற்றும்போது அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கு உரியதையே வாங்க வேண்டும். வெயிட்டும் அப்படித்தான். துளையின் பரப்பும் வெயிட்டின் எடையும் ஜோடியாகக் கணக்கிட்டவை. துளை 3 மில்லிமீட்டருக்குப் பதிலாக இரண்டரையாக இருக்கும் குக்கரில் அதே 72 கிராம் வெயிட்டை வைத்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஏறிவிடும். டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடையில் "இதுவும் உக்காரும்ங்க" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். உட்காருவது மட்டும் போதாது.

மூடியின் விளிம்பில் ஆவி கசிந்து விசில் வரத் தாமதமானால் கேஸ்கட் இறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கையில் எடுத்து வளைத்தால் துவளாமல் விறைப்பாக நிற்கும், சில இடத்தில் வெடிப்பும் தெரியும். தினமும் சமைக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

புதுக் குக்கர் வாங்கும்போது பாத்திரத்திலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 2347 என்பது குக்கருக்கான இந்தியத் தர எண். 2021 பிப்ரவரி 1 முதல் அந்த முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை இந்தியாவில் விற்பது சட்டப்படி தவறு. வீட்டில் இருக்கும் குக்கருக்கு, மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியாக ஒரு பார்வை பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் அடுப்பில் ஏற்றாதீர்கள். தெரிந்தால் ஏற்றி, முதல் விசிலோடு தீயைக் குறைத்து, அதற்குமேல் நிமிடத்தை எண்ணுங்கள். யாருக்காவது சமையல் குறிப்புச் சொல்லும்போதும் விசிலைச் சொல்லாமல் நிமிடத்தைச் சொல்லுங்கள்.